காதுக்குக் கீழே, அரை ஸ்பூன்: மெல்லிய முடிக்குக் கண்டிஷனர் போடும் முறை

தலைக்குக் குளிக்கும்போது ஷாம்புவை எங்கே தேய்க்கிறோமோ, அங்கேயே கண்டிஷனரையும் தேய்ப்பதுதான் நம்மில் பலருக்குப் பழக்கம். உள்ளங்கையில் தாராளமாகப் பிழிந்து, உச்சந்தலையில் வைத்து, விரல்களால் நன்றாகக் கசக்கி, மிச்சம் இருப்பதைக் கீழே இழுத்துவிட்டு அலசிவிடுவோம். தடித்த, அடர்த்தியான கூந்தல் உள்ளவர்களுக்கு இதனால் பெரிய கேடு தெரியாது. மெல்லிய முடிக்காரர்களுக்கோ அன்று மாலையே பலன் தெரிந்துவிடும். உச்சியில் முடி மண்டையோடு ஒட்டிக்கொள்ளும், வகிடு அகலமாகத் தெரியும், காலையில்தான் குளித்தோமா என்று சந்தேகம் வரும். இத்தனைக்கும் நுனியில் சிக்கு அப்படியே இருக்கும். “எனக்குக் கண்டிஷனரே ஒத்துக்கொள்ளாது” என்று பாட்டிலை அலமாரியின் மூலையில் தள்ளிவிடுவார்கள்.

அப்படித் தள்ளிவிடுவது வீண் நஷ்டம். மெல்லிய முடிக்குத்தான் கண்டிஷனர் அதிகம் தேவைப்படுகிறது. எந்த இடத்தில் போடுவது, எவ்வளவு போடுவது என்ற இரண்டையும் சரிசெய்துவிட்டால், அதே பாட்டில் நன்றாகவே வேலை செய்யும்.

மெல்லிய முடியா, குறைந்த முடியா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். “என் முடி ரொம்ப மெல்லிசு” என்று சொல்கிறவர்கள் இரண்டு வெவ்வேறு விஷயங்களைச் சொல்லக்கூடும். ஒன்று, ஒவ்வொரு இழையும் மெல்லியதாக இருப்பது. இன்னொன்று, இழைகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பது. இழை மெல்லியதாக இருந்தும் கூந்தல் அடர்த்தியாக இருப்பவர்கள் உண்டு. இழை தடிப்பாக இருந்தும் எண்ணிக்கை குறைந்தவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தே அமைந்தவர்களும் உண்டு. இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்குத்தான்.

வீட்டிலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம். சீப்பில் வந்த ஒரே ஒரு முடியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். விரலுக்கிடையில் எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை என்றால் அது மெல்லிய இழை. நூல்போல் நெருடினால் தடித்த இழை. அடர்த்தியைப் பார்க்க, எண்ணெய் வைக்காத உலர்ந்த முடியைப் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் விரித்துப் பாருங்கள். வகிடு எடுக்காமலேயே மண்டைத் தோல் தெரிந்தால் எண்ணிக்கை குறைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டில் எது உங்களுடையது என்பதைப் பொறுத்து அளவு மாறும். இழை மெல்லியதாக இருந்தால், அது தாங்கக்கூடிய பாரம் குறைவு. எண்ணிக்கை குறைவாக இருந்தால், பூச வேண்டிய முடியே குறைவு. இரண்டும் சேர்ந்திருந்தால், பாட்டிலில் பொதுவாகப் போட்டிருக்கும் அளவு உங்களுக்கு மிகை.

ஒரே முடியில் இரண்டு வயது

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. தோளைத் தாண்டி முதுகின் நடுவரை வரும் 40 சென்டிமீட்டர் கூந்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டையை ஒட்டிய முதல் சென்டிமீட்டர் போன மாதம் வந்தது. நுனியோ மூன்று வருஷத்துக்கு முன்பே வெளியே வந்துவிட்டது. வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிப்பவர் என்றால், அந்த நுனி ஏறக்குறைய 350 குளியலைப் பார்த்திருக்கும். அத்தனை வெயிலையும், துண்டின் தேய்ப்பையும், சீப்பின் இழுப்பையும், ரப்பர் பேண்டின் இறுக்கத்தையும் அதுவே தாங்கியிருக்கும்.

முடியின் வெளிப்புறம் ஓடு வேய்ந்த கூரைபோல் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய செதில்களால் ஆனது. வேர்ப்பக்கத்தில் இந்தச் செதில்கள் பல அடுக்காக, ஓரம் சிதையாமல் இருக்கும். அதன்மேல் இயற்கையாகவே ஒரு கொழுப்புப் படலமும் இருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது, இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். கீழே போகப்போகப் படலம் தேய்கிறது, செதில்கள் ஓரம் உடைந்து தூக்கிக்கொள்கின்றன. நுனியில் செதிலே இல்லாமல் உள்நார் வெளியே தெரிவதைத்தான் நுனிப்பிளவு என்கிறோம். சிக்கு விழுவதும் பெரும்பாலும் இந்தக் கீழ்ப்பாதியில்தான்.

மேல்பாதிக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. மண்டைத் தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் இரவு பகலாக எண்ணெயைச் சுரக்கின்றன. அது முடியின் அடிப்பகுதியில் படிந்து, சீவும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. நீண்ட முடியில் அது நுனிவரை போய்ச் சேருவதில்லை. ஆக வேர்ப்பக்கத்துக்கு உடம்பே எண்ணெய் கொடுக்கிறது, நுனிக்குக் கொடுக்க ஆள் இல்லை. கண்டிஷனர் போக வேண்டிய இடம் எது என்பது இதிலிருந்தே தெளிவாகிவிடும்.

கண்டிஷனர் எப்படி ஒட்டுகிறது?

தேய்ந்த முடியின் மேற்பரப்பு தண்ணீரில் நனையும்போது எதிர்மின்னூட்டம் கொண்டிருக்கும். தேய்மானம் எவ்வளவு அதிகமோ, அந்த எதிர்மின்னூட்டமும் அவ்வளவு அதிகம். கண்டிஷனரின் முக்கியச் சரக்கு நேர்மின்னூட்டம் கொண்டது. பாட்டிலின் பின்புறம் பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு என்றெல்லாம் அச்சிட்டிருப்பது இதைத்தான். இரண்டும் ஒன்றையொன்று ஈர்ப்பதால், தண்ணீர் ஊற்றி அலசிய பிறகும் ஒரு மெல்லிய பூச்சு முடியில் தங்கிவிடுகிறது. சேதம் அதிகமான இடத்தில் அதிகமாகவும், புது முடியில் குறைவாகவும் ஒட்டும். டை அடித்த முடி, பிளீச் செய்த முடி, ஸ்ட்ரெயிட்னிங் செய்த முடி ஆகியவை கண்டிஷனரை அதிகம் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

இதோடு கெட்டியான கொழுப்பு ஆல்கஹால்களும், பல தயாரிப்புகளில் டைமெத்திகோன் போன்ற சிலிகோனும் சேர்ந்திருக்கும். சீட்டைல் ஆல்கஹால், சீட்டோஸ்டீயரில் ஆல்கஹால் என்ற பெயர்களைப் பார்த்து முடி காய்ந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அவை மெழுகு மாதிரியானவை, மென்மை தருபவை. ஆனால் மெழுகும் சிலிகோனும் தேவைக்குமேல் தங்கிவிட்டால் பாரம்தான்.

அந்தப் பாரம் மெல்லிய முடியை எப்படிப் பாதிக்கிறது என்பது கவனிக்க வேண்டியது. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிப் பாருங்கள். அடிப்பக்கம் விறைத்து நிற்கும், நுனிப்பக்கம் தன் எடைக்கே வளையும். தடிமன் கொஞ்சம் குறைந்தாலும் விறைப்பு பல மடங்கு குறைந்துவிடுகிறது. முடியிலும் இதே கணக்குத்தான். இழையின் விட்டம் பாதியானால், வளையாமல் நிற்கும் வலு பதினாறில் ஒரு பங்காகிவிடும். தடித்த முடி பொருட்படுத்தாத ஒரு பூச்சு மெல்லிய முடியை அப்படியே படுக்க வைத்துவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே எடையுள்ள இரண்டு முடிக்கற்றைகளில், இழையின் விட்டம் பாதியாக உள்ள கற்றைக்கு மேற்பரப்பு இரட்டிப்பு. அதாவது ஒன்றோடொன்று உரசுகிற பரப்பு அதிகம், சிக்கு விழ வாய்ப்பும் அதிகம், இழுத்தால் அறுந்துபோகிற அபாயமும் அதிகம். அதனால்தான் மெல்லிய முடிக்காரர்கள் கண்டிஷனரைக் கைவிடக் கூடாது. தேவை அதிகம், தாங்கும் சக்தி குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சரியான இடத்தையும் அளவையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எவ்வளவு?

“கொஞ்சமாகப் போடுங்கள்” என்று சொன்னால் யாருக்கும் பயனில்லை, ஒவ்வொருவர் கொஞ்சமும் ஒவ்வொரு அளவு. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 2.5 மில்லி, 5 மில்லி என்று கோடு இருக்கும். 5 மில்லி என்பது ஒரு டீஸ்பூன்.

மெல்லிய, எண்ணிக்கையும் குறைந்த முடிக்கு நான் சொல்லும் தொடக்க அளவு இது. கழுத்தளவு முடிக்குக் கால் டீஸ்பூன். தோளளவு முடிக்கு அரை டீஸ்பூன். முதுகின் நடுவரை வரும் முடிக்கு ஒரு டீஸ்பூன். இடுப்பைத் தொடும் கூந்தலுக்கு ஒன்றரை. இழை மெல்லியதாக இருந்தாலும் கூந்தல் அடர்த்தியாக இருந்தால், இதில் ஒன்றரை மடங்கு எடுத்துக்கொள்ளலாம். நுனியில் டை, பிளீச் செய்தவர்களும் சற்றுக் கூட்டலாம், ஆனால் கூட்டிய பங்கு நுனிக்கு மட்டும்.

அளவு மூடி கையில் இல்லாதபோது நாணயத்தை வைத்துக் கணக்கிடலாம். ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு உள்ளங்கையில் சிறு குவியலாகப் பிழிந்தால், அது அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக வரும். பம்ப் பாட்டில் வைத்திருப்பவர்கள், ஓர் அழுத்தில் எவ்வளவு வருகிறது என்பதை ஒருமுறை அந்த மூடியில் அளந்து பார்த்துவிடுங்கள். பாட்டிலுக்குப் பாட்டில் இது மாறும். பலருக்கு அளவு தப்புவது இங்கேதான்.

முந்தைய இரவு எண்ணெய் வைத்துக் குளிப்பவர்கள் இன்னும் குறைக்கலாம். தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளேயே ஊடுருவக்கூடியது. ஒரு தரம் ஷாம்பு போட்டால் முழுவதும் போய்விடாது. எண்ணெய் மிச்சம், அதன்மேல் கண்டிஷனர், உலர்ந்தபின் சீரம் என்று மூன்று பூச்சு சேர்ந்தால் மெல்லிய முடி எழுந்து நிற்காது. எண்ணெய்க் குளியல் நாளில் சொன்ன அளவில் பாதி போதும், சீரம் வேண்டவே வேண்டாம்.

எப்படிப் போடுவது?

ஷாம்புவை மண்டைத் தோலில் தேய்த்து, நுரை வழிந்து கீழே இறங்குவதே நுனிக்குப் போதும் என்று விட்டு, நன்றாக அலசுங்கள். பிறகு முடியைக் கையால் கொத்தாகப் பிடித்து மேலிருந்து கீழாகத் தண்ணீரைப் பிழியுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. தண்ணீர் சொட்டுகிற முடியில் கண்டிஷனர் நிற்காது, சொட்டோடு வழிந்து தரைக்குப் போய்விடும். போதவில்லை என்று நினைத்து இன்னும் பிழிந்துகொள்வோம். சொட்டு நின்று, முடி ஈரமாக மட்டும் இருக்கும் நிலைதான் சரி. துண்டால் துவட்டி உலர்த்திவிடவும் கூடாது. ஈரம் இருந்தால்தான் கொஞ்சம் கண்டிஷனர் நிறைய முடிக்குப் பரவும்.

அளந்த கண்டிஷனரை இரண்டு உள்ளங்கையிலும் விரலிடுக்கிலும் தேய்த்துப் பரப்பிக்கொள்ளுங்கள். ஒரே குவியலாக ஒரு இடத்தில் வைத்தால், அந்த இடத்தில் மட்டும் அதிகமாக ஒட்டும். முடியை இரண்டாகப் பிரித்து இரு தோளின் முன்புறமும் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி நான்கு விரல் அகல நுனியிலிருந்து தொடங்குங்கள். கையில் இருப்பதில் பெரும்பங்கை அங்கேயே செலவழித்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வாருங்கள். காது மடலின் கீழ் விளிம்புக்கு நேராக வந்ததும் நிறுத்திவிடுங்கள். இதுதான் எல்லைக்கோடு. கையில் மிச்சம் ஒட்டியிருந்தால் கழுவிவிடுங்கள். “வீணாகிறதே” என்று உச்சியில் தடவிக்கொள்வதுதான் மாலையில் வகிட்டைக் காட்டிக்கொடுக்கிறது.

இந்த நேரத்தில் பின்கழுத்தை ஒட்டிய அடிப்பகுதி முடியைத் தனியாக எடுத்து ஒருமுறை தடவ வேண்டும். சட்டைக் காலரும் துப்பட்டாவும் நாள் முழுக்க உரசுவதால் அதிகம் சிக்கு விழும் இடம் அது. மேலே இருக்கும் முடி மறைத்துக்கொள்வதால் கை போகாமல் விட்டுப்போகும் இடமும் அதுதான்.

பெரிய பல் சீப்பால் நுனியில் தொடங்கி, சிக்கு விடுபட விடுபட மேலே ஏறிச் சீவுங்கள். கண்டிஷனர் எல்லா இழைக்கும் சமமாகப் பரவ இதைவிட நல்ல வழி இல்லை. ஈர முடி எளிதில் நீண்டு அறுந்துபோகும் என்பதால் மேலிருந்து இழுக்கக் கூடாது. பிறகு ஓரிரு நிமிடம் பொறுத்தால் போதும். அலசிவிடும் சாதாரணக் கண்டிஷனர் முதல் சில நிமிடத்திலேயே ஒட்ட வேண்டியதை ஒட்டிவிடும். அரை மணி நேரம் ஊற வைப்பதால் மெல்லிய முடிக்குக் கூடுதல் லாபம் இல்லை.

அலசும்போது விரல்களை முடிக்குள் ஓடவிட்டுப் பாருங்கள். கொழகொழவென்று வழுக்கினால் இன்னும் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொழகொழப்பு போய், அதே சமயம் விரல் தடையில்லாமல் ஓடினால் முடிந்தது. “கொஞ்சம் மிச்சம் இருந்தால் நல்லதுதானே” என்ற எண்ணம் தடித்த, சுருண்ட முடிக்குச் சரியாக இருக்கலாம். மெல்லிய முடிக்கு முழுமையாக அலச வேண்டும். கடைசியாக நெற்றியையும் முதுகையும் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். வழிந்த கண்டிஷனர் தோலில் தங்கினால், நெற்றியின் முடியோரத்திலும் முதுகிலும் சிறுசிறு பருக்கள் வருவது சிலருக்கு வழக்கம்.

ஒரு தலை, மூன்று திருத்தம்

என் அக்கா மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னால் இவையெல்லாம் ஒன்றாகப் புரியும். வேலைக்குப் போகும் பெண். முடி முதுகின் நடுவரை வரும், இழையும் மெல்லிசு, எண்ணிக்கையும் குறைவு. “சித்தி, காலையில தலைக்குக் குளிச்சா சாயந்திரம் எண்ணெய் வெச்ச மாதிரி ஆயிடுது. ஆனா நுனியில சீப்பே இறங்க மாட்டேங்குது” என்றாள். உச்சியில் அதிகம், நுனியில் போதாமை. இரண்டும் ஒரே தலையில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், இடம் தப்பியிருக்கிறது.

“எப்படிடீ போடுற, செஞ்சு காட்டு” என்றேன். நான்கு முறை பம்ப்பை அழுத்தினாள், நேராக உச்சிக்குக் கொண்டுபோனாள். அந்தப் பம்ப்பை மூடியில் அளந்தால் ஓர் அழுத்துக்கு 2 மில்லிக்குமேல் வந்தது. அதாவது ஒரு குளியலுக்கு ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன், அதில் பாதிக்குமேல் மண்டையில்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. அதனால் முதலில் இடத்தை மட்டும் மாற்றச் சொன்னேன். அளவு அதேதான், ஆனால் காதுக்குக் கீழே. அடுத்த குளியலிலேயே உச்சி மாலைவரை எழும்பி நின்றது. ஆனால் கீழ்ப்பாதி முடி தனித்தனிக் கற்றையாகப் பிரிந்து, நனைந்த நூல்போல் தொங்கியது. இது அளவு அதிகம் என்பதன் அடையாளம். அழுத்தை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்ததும் கற்றைகள் பிரிந்து முடி அசைய ஆரம்பித்தது.

மூன்றாவதாக மிஞ்சியது பின்கழுத்துச் சிக்கு. “அங்க மட்டும் இன்னும் முடிச்சு விழுது சித்தி” என்றாள். அளவைக் கூட்டலாமா என்று கேட்டவளிடம், அடிமுடியைத் தூக்கி அங்கே தனியாகத் தடவுகிறாயா என்று கேட்டேன். தடவவில்லை. அதே இரண்டு அழுத்தில் ஒரு பங்கை அங்கே கொண்டுபோனதும் சிக்கு அடங்கியது. பாட்டிலும் மாறவில்லை, ஷாம்புவும் மாறவில்லை.

உங்கள் தலையையும் இப்படியே படிக்கலாம். உச்சி மட்டும் படுத்துக்கொண்டால் எல்லைக்கோட்டைத் தாண்டியிருக்கிறீர்கள். முழு நீளமும் கற்றை கற்றையாகத் தொங்கினால் அளவு அதிகம், அல்லது அலசியது போதவில்லை. உச்சி நன்றாக இருந்து நுனி மட்டும் முரடாக இருந்தால், கால் டீஸ்பூன் கூட்டி அதை நுனியில் மட்டும் போடுங்கள். சில வாரம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு முடி மெழுகு பூசியதுபோல் ஆனால், பூச்சு படிந்து சேர்ந்துவிட்டது. சிலிகோன் இல்லாத, நன்றாகச் சுத்தம் செய்யும் ஷாம்புவை ஒருமுறை போட்டால் அது இறங்கிவிடும். எந்த மாற்றத்தையும் இரண்டு குளியலாவது பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மண்டையில் பட்டால் முடி கொட்டுமா?

இந்தப் பயம் பரவலாக இருக்கிறது. கண்டிஷனர் போட்டு அலசும்போது கையோடு கொத்தாக முடி வருவதைப் பார்த்துப் பதறுகிறார்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்வது இயல்பு. வேரிலிருந்து விடுபட்ட அந்த முடிகள் மற்ற முடிகளோடு சிக்கிக்கொண்டு தலையிலேயே இருக்கும். கண்டிஷனர் வழுக்கலைக் கொடுத்ததும் அவை விடுபட்டு வெளியே வருகின்றன. மூன்று நாளைக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பவருக்கு மூன்று நாள் உதிர்ந்தது சேர்ந்து வரும். கண்டிஷனர் அவற்றைப் பிடுங்கவில்லை.

மண்டையில் படுவதால் முடி கொட்டாது என்றாலும், அங்கே அதற்கு வேலையும் இல்லை. எண்ணெய் ஏற்கெனவே சுரக்கும் தோலில் இன்னும் கொழுப்பு சேரும். பொடுகு உள்ளவர்களுக்கு இது கவனிக்க வேண்டியது. மண்டையில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட் கொழுப்பைத் தின்று வளர்வது. பொடுகோடு தொடர்புடையதும் அதுவே. பிசுக்கும் அரிப்பும் உள்ள மண்டையில் சாதாரணக் கண்டிஷனரைத் தேய்க்காமல் இருப்பது நல்லது. மினாக்ஸிடில் போன்ற மருந்தை மண்டையில் தடவுபவர்களும் தோலைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பதால், கண்டிஷனரைக் காதுக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. பொடுகுக்கென்றே ஜிங்க் பைரிதியோன் சேர்த்துத் தயாரித்த கண்டிஷனர் மண்டையில் போடுவதற்கானது. அதன் பாட்டிலில் சொன்னபடி செய்யலாம். ஸ்பிரிங்போல் இறுகச் சுருண்ட முடியில் மண்டையின் எண்ணெய் கீழே இறங்கவே முடியாது, அவர்கள் வேரை ஒட்டியும் போடுவார்கள். ஒட்ட வெட்டிய ஆண்களின் முடி எல்லாமே சில மாதம் வயதான புது முடி. பெரும்பாலும் கண்டிஷனரே தேவைப்படாது. எவ்வளவு குறைத்தாலும் முடி படுத்துக்கொள்கிறது என்னும் மிக மெல்லிய முடிக்காரர்கள் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். ஈர முடியின் நுனியில் முதலில் கண்டிஷனர் போட்டு அலசிவிட்டு, பிறகு மண்டைக்கு ஷாம்பு. நுனிக்குக் காப்பு கிடைக்கும், மிச்சப் பாரம் நுரையோடு போய்விடும்.

கண்டிஷனரால் ஆகாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அது புது முடியை முளைக்க வைக்காது, இழையைத் தடிமனாக்காது, பிளந்த நுனியை நிரந்தரமாக ஒட்டவும் செய்யாது. டெங்கு, டைஃபாய்டு போன்ற கடும் காய்ச்சலுக்குப் பிறகும், பிரசவத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக்கொத்தாக உதிர்வது உண்டு. பெரும்பாலும் அது தானாக நின்று, முடி மீண்டும் வளரும். அந்த மாதங்களில் தலையில் முடி குறைவு என்பதால் கண்டிஷனர் அளவையும் குறைத்துக்கொள்ளுங்கள். வகிடு மாதத்துக்கு மாதம் அகலமாகிக்கொண்டே போனாலோ, வட்டமாக ஓரிடத்தில் சொட்டையானாலோ, கண்டிஷனரை மாற்றிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒருமுறை கண்டுபிடித்த அளவு என்றைக்கும் அதேபோல் இருக்காது. நுனி வெட்டினால் சேதமான பகுதியே போய்விடுகிறது, அன்றிலிருந்து கால் டீஸ்பூன் குறைக்கலாம். டை அடித்தால் அந்தக் கால் டீஸ்பூனைத் திரும்பக் கூட்டலாம். நீளம் ஒரு சாண் கூடியிருந்தால் அளவு மூடியை மறுபடி எடுத்து அளந்துகொள்ளலாம். மாறாமல் இருக்க வேண்டியது காது மடலுக்கு நேரான அந்தக் கோடு மட்டும்தான்.